மாலை, ஆறு, படகு: படம் வரையச் சொல்லும்போது தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா?

ஏஐ படக் கருவிகள் பரவத் தொடங்கிய நாட்களில் நான் ஒரு ஆப்பில் "மாலை, ஆறு, படகு" என்று மூன்றே சொல் தட்டினேன். சூரியன் சாயும் நேரம், ஒரு நதி, அதில் ஒரு படகு. மனதில் இருந்தது அவ்வளவுதான். வந்த படத்தில் வரிசையாகப் பல படகுகள், ஒவ்வொன்றின் முனையிலும் பூமாலை. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்தால் அதில் ஒரு நியாயமும் தெரிந்தது. மாலை என்பது பூமாலையும்தான், ஆறு என்பது எண்ணும்தான். என் தமிழை யாரோ ஆங்கிலத்துக்கு மாற்றிப் படம் வரைபவரிடம் கொடுத்திருக்கிறார்கள், மாற்றும்போதே ஆறு படகாகிவிட்டது.

தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: என்ன வரைய வேண்டும் என்று நீங்கள் எழுதும் வாசகத்தை, அதாவது பிராம்ப்டை, அங்கே முதலில் படிப்பது யார்? அது தெரிந்தால் மொழிக் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

படம் வரையும் மாடலுக்கு எழுத்து நேரடியாகப் புரியாது. அதற்கு முன்னால் ஒரு வாசகன் உட்கார்ந்திருக்கிறான். நாம் எழுதியதைச் சிறு துண்டுகளாக வெட்டி, எண்களாக்கி, அந்த எண்களை வரைபவனிடம் கொடுப்பது அவன் வேலை. வெட்டிய துண்டுக்கு டோக்கன் என்று பெயர். இந்த வாசகன் கருவிக்குக் கருவி வேறு ஆள். பெரும்பாலும் மூன்று வகையில் ஒன்றாக இருப்பான்.

முதல் வகை, ஆங்கிலம் மட்டும் தெரிந்தவன். 2022-இல் வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற பட மாடலின் ஆரம்பப் பதிப்புகளில் இருந்தது கிளிப் என்ற வாசகன். 2021-இல் வெளியானது, இணையத்திலிருந்து எடுத்த 40 கோடிப் படங்களையும் அவற்றோடு இருந்த வரிகளையும் பார்த்துப் பழகியது. அந்த வரிகளில் பெரும்பகுதி ஆங்கிலம். சொந்தக் கணினியில் நிறுவி ஓட்டும் பழைய மாடல்கள் பலவற்றில் இன்றும் இவன்தான் இருக்கிறான்.

இவன் தமிழை எப்படி வெட்டுகிறான் என்று பார்த்தால் பிரச்சினை கண்ணுக்கு நேராகத் தெரியும். ஆங்கிலத்தில் `blue umbrella` என்று எழுதினால் இரண்டு சொல், இரண்டு டோக்கன். அதையே "நீலக் குடை" என்று எழுதினால், கிளிப்பின் வெட்டுவிதி எழுத்துகளை ஒரு வகையாகவும் மற்ற குறிகளை வேறு வகையாகவும் பிரிக்கிறது. தமிழில் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடில் தனிக்குறிகள், அவை எழுத்து என்ற வகையில் வராது. அதனால் ஒவ்வொரு உயிர்க்குறியிலும் கத்தி விழுகிறது. "குடை" என்பது க, அதன் உகரக் குறி, ட, ஐகாரக் குறி என நான்கு துண்டாகிறது. "நீலக் குடை" முழுவதும் குறைந்தபட்சம் எட்டுத் துண்டு. துண்டான பிறகு அது குடையா, குடமா, குதிரையா என்று சொல்வதற்கு அவனிடம் பெரிய ஆதாரம் எதுவும் மிச்சமில்லை.

இதோடு இடநெருக்கடியும் உண்டு. கிளிப் ஒரு தடவைக்கு 77 டோக்கன்தான் எடுத்துக்கொள்ளும். தொடக்கக் குறி, முடிவுக் குறி போக நமக்கு 75. ஆங்கிலத்தில் அது மூன்று நான்கு வாக்கியம். தமிழில் ஒரு வாக்கியம் முடிவதற்குள் இடம் தீர்ந்துவிடும். மீதியைச் சில மென்பொருள்கள் அடுத்த பொட்டலமாகக் கட்டி அனுப்பும், சில வெட்டி எறிந்துவிடும். பைத்தானில் டிஃப்யூசர்ஸ் நூலகத்தை வைத்து ஓட்டுபவர்கள் திரையில் இந்த வரியைப் பார்த்திருப்பார்கள்:

```
The following part of your input was truncated because CLIP
can only handle sequences up to 77 tokens
```

அதற்குக் கீழே எந்தப் பகுதி வெட்டப்பட்டது என்றும் காட்டும். பிராம்ப்டின் பின்பாதியில் சொன்னது எதுவுமே படத்தில் வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

2024-இல் வந்த ஃப்ளக்ஸ் மாடலில் கிளிப்போடு டி5 என்ற இன்னொரு வாசகனும் இருக்கிறான். நீளமான வாக்கியத்தையும் "இதன் இடப்பக்கம் அது" போன்ற உறவுகளையும் பிடிப்பதில் இவன் கிளிப்பை விடப் பல படி மேல். நுணுக்கமான விவரங்களை வரைபவனிடம் சேர்ப்பது பெரும்பாலும் இவன் பொறுப்பு. ஆனால் தமிழ் விஷயத்தில் இவன் நிலைமை கிளிப்பை விட மோசம். இவனுடைய சொற்பட்டியலில் தமிழ் எழுத்தே கிடையாது. தெரியாத எழுத்து வந்தால் `<unk>` என்று ஒரே ஒரு குறியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவான். கொஞ்சம் பைத்தான் தெரிந்தவர்கள் தாங்களே பார்த்துக்கொள்ளலாம்:

```python
from transformers import AutoTokenizer
t = AutoTokenizer.from_pretrained("google/t5-v1_1-xxl")
print(t("நீலக் குடை").input_ids)
print(t("சிவப்புச் சட்டை").input_ids)
```

இரண்டு வரிக்கும் ஒரே எண்கள்தான் வரும். நீலக் குடையும் சிவப்புச் சட்டையும் அவன் கண்ணுக்கு ஒன்றேதான்: தெரியாத ஒரு சொல், அப்புறம் தெரியாத இன்னொரு சொல். இந்த இடத்தில் நல்ல தமிழ், மோசமான தமிழ் என்ற பேச்சுக்கே இடமில்லை. எவ்வளவு அழகாக எழுதினாலும் அங்கே போய்ச் சேருவது வெற்றுத்தாள்.

இங்கே பலர் ஏமாறுவது, வெற்றுத்தாளைக் கொடுத்தாலும் படம் வந்துவிடும் என்பதால்தான். வருவது குப்பையாகவும் இருக்காது. தெளிவான, அழகான, ஆனால் நாம் கேட்டதற்குச் சம்பந்தமில்லாத ஒரு படம் வரும். கிளிப்பில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சொல் புரியாவிட்டாலும், எழுத்தின் வடிவத்தை வைத்து "இது எந்தப் பக்கத்து எழுத்து" என்று ஓரளவு மோப்பம் பிடித்துவிடும். ஆங்கில பிராம்ப்டில் ஒரே ஓர் எழுத்தை எடுத்துவிட்டு, பார்க்க அதே மாதிரி இருக்கும் வேற்று மொழி எழுத்தை வைத்தாலே படத்தில் வரும் முகங்களும் கட்டடங்களும் அந்த மொழி பேசும் பகுதியை நோக்கிச் சாய்வதை 2022-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே தமிழில் கேட்டு நம் பக்கத்துச் சாயலில் ஒரு படம் வந்தால், அதை வைத்துக் கருவிக்குத் தமிழ் தெரிகிறது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். விவரங்கள் வந்திருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

இரண்டாம் வகையில் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருக்கிறார். 2023-இல் வந்த டால்-ஈ 3 இதற்கு நல்ல உதாரணம். நாம் எழுதியதை ஒரு மொழி மாடல் முதலில் வாங்கிக்கொள்ளும், விவரங்களைச் சேர்த்து விரித்து எழுதும், அந்தப் புதிய வாசகம்தான் வரையும் மாடலுக்குப் போகும். நிரல் வழியாகப் பயன்படுத்தியவர்களுக்கு அந்த வாசகம் `revised_prompt` என்ற பெயரில் திரும்பியும் வந்தது. இந்த ஏற்பாட்டில் தமிழ் தாராளமாக எடுபடும், நடுவில் இருப்பவருக்குத் தமிழ் தெரியும் என்பதால். ஆனால் வரைபவன் பார்ப்பது அவருடைய வாசகத்தைத்தான், நம்முடையதை அல்ல. என் ஆறு படகுகளும் இப்படி ஏதோ ஒரு நடு ஆளின் கைங்கரியமாகத்தான் இருக்க வேண்டும்.

மூன்றாம் வகையில் பல மொழிகளைப் படித்துப் பழகிய பெரிய மொழி மாடலே வாசகனாக இருக்கும். 2025-இல் வந்த குவென்-இமேஜ், படமும் எழுத்தும் சேர்த்துப் படிக்கும் அப்படியொரு மொழி மாடலையே வாசகனாக வைத்திருக்கிறது. உரையாடல் ஆப்களுக்குள்ளேயே படம் வரைந்து தரும் புதிய மாடல்களும் இந்தத் திசையில்தான் போகின்றன. இவற்றில் தமிழ் வாக்கியத்தின் பொருள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும். இருந்தாலும் இவை பழகிய படக்குறிப்புகளில் ஆங்கிலத்தின் பங்கு அதிகம். அதனால் பொருள் சேர்ந்தாலும் பிடி கொஞ்சம் தளர்வாக இருக்கலாம். எது எதன் இடப்பக்கம், எத்தனை, எந்த நிறம் எதற்கு என்ற இடங்களில்தான் அந்தத் தளர்வு முதலில் தெரியும்.

உங்கள் கருவி எந்த வகை என்று பெரும்பாலும் கருவியில் எழுதியிருக்காது. கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி உண்டு. ஊகத்தால் யாரும் வரைந்துவிட முடியாத ஒன்றைத் தமிழில் கேளுங்கள். "கண்ணாடிப் பந்தின் மேல் நிற்கும் ஊதா நிறக் குதிரை" என்று நான் கேட்பது வழக்கம். ஊதாக் குதிரையும் பந்தும் வந்தால் யாரோ தமிழைப் படித்திருக்கிறார்கள். வேறு ஏதோ ஓர் அழகான காட்சி வந்தால் முதல் வகை, இனி ஆங்கிலம்தான், அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. குதிரை வந்தும், நாம் கேட்காத மாலைநேர ஒளி, பின்னணியில் மூடுபனி, பறக்கும் இலைகள் எல்லாம் கூடவே வந்திருந்தால் நடுவில் ஒருவர் நம் வாக்கியத்தை விரித்து எழுதுகிறாரோ என்று சந்தேகப்படலாம். இது உறுதியான அடையாளம் இல்லை, சில மாடல்களுக்கு அலங்காரம் பிறவிக்குணம். விரித்த வாசகத்தைக் காட்டும் வசதி கருவியில் இருந்தால் அதைத் திறந்து பார்ப்பதே சரியான வழி.

ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவது, அதாவது `neela kudai` மாதிரி, முதல் வகைக் கருவிகளுக்கு எந்த விதத்திலும் உதவாது. எழுத்து தெரிந்ததாகவும் சொல் தெரியாததாகவும் இருக்கும். அதை இத்தோடு விட்டுவிடலாம்.

இனி தமிழ் ஓரளவு எடுபடும் இரண்டாம், மூன்றாம் வகைகளில் என்ன நடக்கிறது என்று ஒரே ஒரு காட்சியை வைத்துப் பார்ப்போம். மனதில் தோன்றியபடி நான் எழுதிய முதல் வடிவம் இது:

```
மாலை நேரம். ஆற்றங்கரையில் ஒரு மர மேசை. அதன் மேல் மூன்று
சிவப்புப் புத்தகம், பக்கத்தில் நீலக் குவளை. மேசைக்குப் பின்னால்
நிற்கிறார், கையில் மூடிய மஞ்சள் குடை. தூரத்தில் ஒரு படகு.
மழை இல்லை.
```

தமிழ் படிப்பவருக்கு இதில் குழப்பமே இல்லை. ஆனால் படம் வரைய இது போதாது. "நிற்கிறார்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். யார் நிற்கிறார்? தமிழில் எழுவாயை விழுங்கிவிட்டு வினையை மட்டும் சொல்லலாம், அதுவும் மரியாதை விகுதி வந்துவிட்டால் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை, மாற்றுபவர் யாரையாவது கொண்டுவந்து நிறுத்தியே ஆக வேண்டும். பெரும்பாலும் ஓர் ஆண் வந்து நிற்பார். என் மனதில் இருந்தது வயதான ஒரு பெண்மணி. என் வாக்கியத்தில் அவர் எங்கேயும் இல்லை.

"பக்கத்தில்" என்பதும் இப்படித்தான். எதன் பக்கத்தில்? புத்தகத்தின் பக்கத்தில் என்றால் குவளை மேசை மேல் இருக்கும். மேசையின் பக்கத்தில் என்றால் தரையில் இருக்கும். எந்தப் பக்கம் என்பதும் இல்லை. "மேல்" என்ற சொல்லிலும் ஒரு வழுக்கல் உண்டு. மேசை மேல் புத்தகம் என்றால் மேசையைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. மேசை மேல் விளக்கு தொங்குகிறது என்றால் தொடவில்லை. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் வேறு வேறு சொல். புத்தகம், குவளை மாதிரிப் பொருள்களுக்கு மாற்றுபவர் சரியாக ஊகித்துவிடுவார். பறவை, பந்து, விளக்கு என்று வந்தால் சொல்ல முடியாது.

"மூன்று சிவப்புப் புத்தகம்" என்று பன்மை விகுதி இல்லாமல் எழுதுவது நம் இயல்பு, எண் இருப்பதால் யாரும் தடுமாறமாட்டார்கள். எண் இல்லாத இடத்தில்தான் கவனம் வேண்டும். "மேசை மேல் புத்தகம், தூரத்தில் பறவை" என்றால் ஒன்றா பலவா என்று மாற்றுபவரே முடிவுசெய்துகொள்வார்.

"மழை இல்லை" என்பதை வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். இது மொழிப் பிரச்சினையே இல்லை. படக்குறிப்புகள் படத்தில் இருப்பதைச் சொல்லுமே தவிர இல்லாததைச் சொல்வது அபூர்வம். அதனால் இந்த மாடல்களுக்கு "இல்லை" என்பது சரியாகப் பழகவில்லை. மழை என்ற சொல் காதில் விழுந்ததும் நனைந்த தரையும் சாம்பல் வானமும் எட்டிப் பார்க்கும். ஆங்கிலத்தில் கேட்டாலும் அதே கதைதான். வேண்டாததைச் சொல்லத் தனிப்பெட்டி இருக்கும் கருவிகளில் மழையை அங்கே எழுதலாம். இல்லாத கருவிகளில் மழைக்கு எதிரானதைச் சொல்ல வேண்டும்: வானம் தெளிவாக இருக்கிறது, தரை காய்ந்திருக்கிறது.

மூடிய குடையும் இதே ரகம்தான். குடை என்றால் விரிந்த குடை என்றே மாடல் ஆயிரக்கணக்கான படங்களில் பார்த்திருக்கிறது. ஒருவர் கையில் குடை என்றாலே விரித்துப் பிடித்திருப்பது போல் வரைந்துவிடும்.

இப்போது இதே காட்சியை ஆங்கிலத்தில், மேலே சொன்ன ஓட்டைகளை அடைத்து எழுதினால்:

```
A wooden table on a riverbank at dusk, clear sky, dry ground.
On the tabletop, a stack of three red books. A blue mug stands
on the tabletop, to the left of the books. An elderly woman
stands behind the table, holding a furled yellow umbrella,
its tip touching the ground. One small boat far away on the water.
```

இதுவே கிளிப்பின் 75 டோக்கனை ஒட்டி வந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். பழைய மாடல் வைத்திருப்பவர்கள் முக்கியமானதை முன்னால் கொண்டுவந்து, படகைக் கடைசியில் விட்டுவிடுவது நல்லது. வெட்டுப்பட்டால் படகோடு போகட்டும்.

இதே ஓட்டைகளைத் தமிழிலும் அடைக்கலாம் என்பதுதான் பலர் கவனிக்காத விஷயம்:

```
சூரியன் மறையும் நேரம். வானம் தெளிவாக இருக்கிறது, தரை
காய்ந்திருக்கிறது. நதிக்கரையில் ஒரு மர மேசை. மேசைப் பலகை மீது
மூன்று சிவப்புப் புத்தகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன.
அதே மேசைப் பலகை மீது, புத்தகங்களுக்கு இடப்பக்கத்தில், ஒரு நீலக்
குவளை. மேசைக்குப் பின்னால் வயதான பெண் ஒருவர் நிற்கிறார். அந்தப்
பெண்ணின் கையில் ஒரு மஞ்சள் குடை. குடை சுருட்டி
மூடப்பட்டிருக்கிறது, அதன் நுனி தரையைத் தொடுகிறது. தூரத்தில்
தண்ணீர் மீது ஒரு சிறிய படகு.
```

மாலையும் ஆறும் போய்விட்டன, சூரியன் மறையும் நேரமும் நதிக்கரையும் வந்துவிட்டன. தனியாக "ஆறு" என்று எழுதும்போதுதான் எண்ணோடு குழம்பும். "ஆற்றில்", "ஆற்றங்கரையில்" என்று வேற்றுமை உருபு சேர்ந்துவிட்டால் நதி என்பது உறுதி. என் முதல் பிராம்ப்டின் தவறும் அங்கேதான். ஆங்கில பிராம்ப்ட் எழுதுபவர்கள் காற்புள்ளி போட்டுத் தனிச்சொற்களை அடுக்குவதைப் பார்த்து நானும் அடுக்கினேன். ஆங்கிலத்தில் அது ஓரளவு ஓடும். தமிழில் சொல்லுக்கு என்ன வேலை என்று காட்டுவதே அதன் வால். வாலை நறுக்கிவிட்டால் மாலை பூமாலையாகலாம், மஞ்சள் நிறமா கிழங்கா என்று தெரியாது, படி என்பது மாடிப்படியா படிக்கச் சொல்வதா என்று தெரியாது. தமிழில் எழுதுவதென்றால் முழு வாக்கியமாக எழுதுங்கள்.

அதே சமயம் வாக்கியம் நீண்டுவிடவும் கூடாது. "சுருட்டி மூடிய மஞ்சள் குடையைக் கையில் பிடித்தபடி மேசைக்குப் பின்னால் நிற்கும் வயதான பெண்" என்று ஒரே மூச்சில் சொல்வது தமிழில் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் யாரைப் பற்றிய பேச்சு என்பது கடைசிச் சொல்லில்தான் தெரிகிறது, மஞ்சள் குடைக்கா பெண்ணின் உடைக்கா என்று நிறம் கைமாறிப்போக அங்கே வாய்ப்பு அதிகம். ஆளை முதலில் நிறுத்திவிட்டு, அப்புறம் கையில் ஒன்றைக் கொடுத்து, அப்புறம் அதன் நிறத்தைச் சொல்லும் சின்னச் சின்ன வாக்கியங்கள் கட்டுரைக்குச் சற்று மொட்டையாக இருக்கும், படத்துக்கு நன்றாக வேலை செய்யும்.

ஆங்கிலத்துக்கு மாற்றும்போது நஷ்டமாகும் விஷயங்களும் உண்டு. "அக்காவும் தம்பியும் நடந்து போகிறார்கள்" என்றால் பெண் பெரியவள், பையன் சிறியவன் என்பது தமிழில் சொல்லிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் சகோதரி, சகோதரன் என்று மாறிய அந்த நொடியில் யார் பெரியவர் என்பது உதிர்ந்துவிடும், பையன் உயரமாக வந்து நிற்பான். உறவைச் சொல்லாமல் கண்ணுக்குத் தெரிவதைச் சொன்னால் எந்த மொழியிலும் தப்பலாம்: பன்னிரண்டு வயதுப் பெண், அவள் தோளுக்குக் கீழே உயரமுள்ள ஏழு வயதுப் பையன்.

கேமரா, ஒளி பற்றிய சொற்களைத் தமிழாக்கச் சிரமப்பட வேண்டாம். `close-up`, `low angle`, `shallow depth of field` போன்றவை படக்குறிப்புகளில் ஆங்கிலத்தில்தான் புழங்குகின்றன. தமிழ் வாக்கியங்களுக்குக் கடைசியில் இவற்றை ஆங்கிலத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம். இரண்டாம், மூன்றாம் வகைக் கருவிகள் கலப்பைப் பார்த்துக் குழம்புவதில்லை.

படத்துக்குள் தமிழ் எழுத்து வர வேண்டும் என்றால் அது வேறு கணக்கு. பிராம்ப்டைத் தமிழில் எழுதினால் பலகையிலும் தமிழ் சரியாக வரும் என்று நினைத்துவிடக் கூடாது. படிப்பது வேறு, எழுத்தை வரைவது வேறு. எந்த மொழியில் கேட்டாலும், பலகையில் வர வேண்டிய சொல்லை மேற்கோள் குறிக்குள் தமிழிலேயே கொடுக்க வேண்டும்:

```
a blue signboard with the Tamil word "நூலகம்" in white paint
```

வந்ததை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். புள்ளி காணாமல் போவது, "நூ" வெறும் "நு" ஆவது, "கொ" போன்ற எழுத்தில் முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போவது எல்லாம் சாதாரணம். முதல் வகை மாடல்களில் தமிழ் மாதிரி தோன்றும் கிறுக்கல்தான் வரும். பலகையை வெறுமையாக வரையச் சொல்லி, எழுத்தை வேறு மென்பொருளில் நானே வைத்துவிடுவேன். ஐந்து நிமிட வேலை.

சரி, எந்த மொழி நன்றாக வேலை செய்கிறது என்று உங்கள் கருவியில் நீங்களே பார்ப்பது எப்படி? மேலே உள்ள காட்சியில் சரிபார்க்கக்கூடிய விவரங்களை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். புத்தகம் மூன்றா, சிவப்பா, குவளை நீலமா, மேசை மேலா, புத்தகத்துக்கு இடப்பக்கமா, பெண் வயதானவரா, மேசைக்குப் பின்னாலா, குடை மஞ்சளா, மூடியிருக்கிறதா, படகு ஒன்றா. பத்து கேள்வி. தமிழ் வடிவத்துக்கு நான்கு படம், ஆங்கில வடிவத்துக்கு நான்கு படம். ஒரே ஒரு படத்தை வைத்து எதையும் சொல்லாதீர்கள், அதிர்ஷ்டத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. படம் எந்தத் தற்செயல் புள்ளியிலிருந்து தொடங்கும் என்பதைத் தீர்மானிக்கும் சீட் எண்ணைக் குறிப்பிடும் வசதி இருந்தால் இரண்டு மொழிக்கும் அதே நான்கு எண்களைக் கொடுங்கள். அப்போதுதான் வித்தியாசம் மொழியால் வந்ததா, தற்செயலா என்று ஓரளவு பிரிக்க முடியும்.

பிறகு வராமல் போன விவரங்களை மட்டும் பாருங்கள். ஒரு விவரம் ஆங்கிலத்தில் வருகிறது, தமிழில் நான்கிலுமே வரவில்லை என்றால் கோளாறு படிப்பதில். அந்த ஒரு வாக்கியத்தைத் தமிழில் வேறு மாதிரி சொல்லிப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும். கருவி தன் ஆங்கில வாசகத்தைக் காட்டினால் இன்னும் சுலபம். வயதான பெண்ணுக்குப் பதில் அங்கே ஆண் நிற்கிறாரா, இடப்பக்கம் என்பது வெறும் பக்கம் ஆகியிருக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். அந்த வாசகத்தை எடுத்து, தவறான சொல்லை மட்டும் திருத்தித் திரும்பக் கொடுக்கலாம். ஆங்கிலம் சரளமாக எழுத வராதவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான்: தமிழில் தெளிவாக எழுதுங்கள், வந்த ஆங்கிலத்தைத் திருத்துங்கள். எழுதுவதை விடத் திருத்துவது எளிது.

இரண்டு மொழியிலும் ஒரே விவரம் வராமல் போனால் கோளாறு வரைவதில் இருக்கிறது. மொழியை மாற்றிப் பயனில்லை. எண்ணிக்கை ஐந்து, ஆறைத் தாண்டும்போது இப்படி ஆகும். இடம் வலம் மாறுவதும் பெரும்பாலும் இதனால்தான். நம் காட்சியில் அந்த அடம் பிடிக்கும் விவரம் மஞ்சள் குடையாகத்தான் இருக்கும். சுருட்டி மூடப்பட்டிருக்கிறது என்று தமிழிலும் சொல்லியாயிற்று, `furled` என்று ஆங்கிலத்திலும் சொல்லியாயிற்று, விரிந்தே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது "மூடிய" என்ற சொல்லோடு மல்லுக்கட்டாமல், அது எப்படிப் பார்வைக்குத் தெரியும் என்று சொல்லிப் பாருங்கள். பெண் ஒரு கையை மேசையில் ஊன்றியிருக்கிறார், மறுகையில் சுருட்டிய மஞ்சள் குடையைக் கைத்தடி போலத் தரையில் ஊன்றியிருக்கிறார். கைத்தடியை யாரும் தலைக்கு மேல் பிடிப்பதில்லை என்பது மாடலுக்குத் தெரியும்.